தண்ணீர் தானாகப் போத்தலுக்குள் போகவில்லை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவையொட்டி இருவர் இணைந்து ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. இன்று ஒருவர் ஆய்வுகூடத்தில் வேலை, மற்றவர் மொழிபெயர்ப்பு வேலை. விழாக் குழுவினர் "உங்கள் துறையைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டபோது, இரண்டு துறைக்கும் பொதுவான ஒன்றைத் தேடினோம். கிடைத்தது ஒரேயொரு பந்தி. மாணவிகளாக இருந்த காலத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வறிக்கையில் 'செய்முறை' என்ற தலைப்பின் கீழ் வருகிற பந்தி அது. அதைத் திருப்பி எழுதப் போய் நாங்கள் பட்ட பாட்டைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்குச் செய்முறைக் கொப்பி நினைவிருக்கும். "25 மில்லிலீற்றர் கரைசலை எடுத்தேன்" என்று எழுதினால் சிவப்பு மையில் ஒரு கோடு விழும். "எடுக்கப்பட்டது" என்று எழுத வேண்டும். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு நியாயமான பதிலே கிடைத்திருக்கும். பரிசோதனையை யார் செய்தாலும் விடை ஒன்றாக வரவேண்டும், ஆகவே செய்தவரின் பெயருக்கு அங்கே வேலை இல்லை என்பதே அந்தப் பதில். இது நல்ல எண்ணந்தான். ஆனால் விஞ்ஞானம் எப்போதும் இப்படி எழுதப்பட்டதில்லை. றொபேட் பொயில் 1660இல் காற்றுப் பம்பியைக் கொண்டு செய்த பரிசோதனைகளை நூலாக வெளியிட்டபோது, தன்னிலையில்தான் எழுதினார். சரிவராமற் போனவற்றையும் சேர்த்தே எழுதினார். 1953இல் டி.என்.ஏ.யின் அமைப்பை அறிவித்த வாற்சன், கிறிக் இருவரின் சிறு கட்டுரையும் 'நாங்கள்' என்றுதான் தொடங்குகிறது. 'பட்டது, பட்டன' என்பது இடையில் வந்து சேர்ந்த வழக்கம்.

இனி எங்கள் கதைக்கு வருகிறோம்.

நாங்கள் மாணவிகளாக இருந்தபோது வலிகாமத்தில் ஒரு கிராமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தோம். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கிற நிலத்தடி நீர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடுகிற பசளையும், மலசலகூடக் குழிகளிலிருந்து ஊறுவதும் அந்த நீருக்குள் போகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். போத்தற்பால் குடிக்கிற சிசுக்களை நினைத்தே முக்கியமாக அந்த எல்லை வைக்கப்பட்டது. நைத்திரேற்று மிகுந்த நீரில் பால் கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவுகிற வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கலாம்.

கடந்த வருடம், எங்களுக்குப் பல வருடம் பின்னால் படித்த ஒரு தங்கை எங்களைத் தேடி வந்தார். இப்போது அதே கிராமத்தில் குடும்பநல உத்தியோகத்தராக இருக்கிறார். தாய்மாருக்குச் சொல்வதற்காக எங்கள் பழைய அறிக்கையைக் கேட்டார். கொடுத்தோம். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் சொன்னார்:

"அக்கா, உதை வாசிச்சா தண்ணி தானா எழும்பிப் போத்தலுக்குள்ள போய், தானாவே தன்னை அளந்த மாதிரிக் கிடக்கு. ஆர் என்ன செய்ததெண்டு ஒரு இடத்திலயும் இல்லையே?"

அவர் வாசித்த பந்தி இதுதான்:

"ஆய்வுப் பிரதேசத்திலிருந்து 12 கிணறுகள் எழுமாறாகத் தெரிவுசெய்யப்பட்டு, நீர் மாதிரிகள் சுத்தமான போத்தல்களில் சேகரிக்கப்பட்டன. மாதிரிகள் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவரப்பட்டு, குறைந்த வெப்பநிலையில் பேணப்பட்டன. அவற்றை வடிகட்டி, அமிலம் சேர்க்கப்பட்டு, 220, 275 நானோமீற்றர் அலைநீளங்களில் உறிஞ்சல் அளவிடப்பட்டது. தேவையான இடங்களில் ஐதாக்கல் மேற்கொள்ளப்பட்டது. வழமைக்கு மாறான பெறுமானங்கள் நீக்கப்பட்டு, நைத்திரேற்றுச் செறிவு கணிக்கப்பட்டது."

இதைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை என்று நினைத்தோம். தமிழில் இது இலகுவும்கூட. ஆங்கிலத்தில் செய்வினைக்கு மாற்றினால் ஒவ்வொரு வசனத்திலும் எழுவாயைப் போட்டாக வேண்டும்; பந்தி முழுக்க 'நாங்கள், நாங்கள்' என்று முட்டும். தமிழில் வினையின் முடிவே ஆளைச் சொல்லிவிடும். 'சேகரிக்கப்பட்டன' என்பதைச் 'சேகரித்தோம்' என்று மாற்றினால் போதும். முதல் வசனத்தில் ஒரு தடவை 'நாங்கள்' என்று சொல்லிவிட்டால் மிச்சத்தை 'ஓம்' விகுதி பார்த்துக்கொள்ளும்.

அந்த ஒரு சொல்லையும் கவனித்தே தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத வசதி எங்களிடம் உண்டு: 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே, 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. கிணற்றடிக்கு வாசகர் வரவில்லை. ஆகவே "நாங்கள் நீர் எடுத்தோம்" என்பதே சரி. கணக்கை விளங்கப்படுத்துகிற இடத்தில் வாசகரையும் கூட்டிக்கொண்டு போகலாம். அங்கே "நாம் இரண்டையும் கழித்தால்" என்று எழுதலாம். இரண்டையும் கலந்தால், செய்தது யார், யோசிக்கச் சொல்வது யாரை என்று வாசகர் தடுமாறுவார்.

இன்னொரு பிழையும் இந்த மாற்றத்தோடு தானாகத் திருந்தியது. மூன்றாம் வசனத்தைப் பாருங்கள்: "வடிகட்டி, சேர்க்கப்பட்டு, அளவிடப்பட்டது." வடிகட்டியது ஆள், சேர்க்கப்பட்டது அமிலம், அளவிடப்பட்டது உறிஞ்சல். ஒரு வசனத்துக்குள் எழுவாய் இரண்டு தடவை மாறுகிறது. தமிழில் 'செய்து' என்ற எச்சத்துக்கும் முடிக்கிற வினைக்கும் கருத்தா பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "வடிகட்டி, சேர்த்து, அளந்தோம்" என்றால் ஒரே ஆள் வரிசையாக மூன்று வேலை செய்தது தெரிகிறது.

இப்படி எல்லா 'பட்டன'வையும் 'ஓம்' ஆக்கி, நல்ல தமிழாகிவிட்டது என்று மகிழ்ந்து, தங்கைக்கு அனுப்பத் தயாரானோம். அப்போதுதான் எங்களில் ஒருவர், "எழுமாறாகத் தெரிவுசெய்தோம் என்று எழுதியிருக்கிறோமே, அப்படியா செய்தோம்?" என்று கேட்டார்.

மற்றவர் பதில் சொல்லவில்லை. 'தெரிவுசெய்யப்பட்டு' என்று இருந்தபோது ஒருவருக்கும் உறுத்தாத சொல், 'தெரிவுசெய்தோம்' என்று எங்கள் வாயாற் சொன்னதும் பொய்யாகிவிட்டது. வீட்டில் பழைய பெட்டியைக் கிண்டிக் களக் கொப்பியை எடுத்தோம். ஒவ்வொரு வினைக்கும் "யார்?" என்று கேட்டு, கொப்பியில் பதிலைத் தேடினோம்.

கிணறுகளைத் தெரிவுசெய்தது யார்? நாங்கள்தான், ஆனால் எழுமாறாக அல்ல. எழுமாறு என்றால் கிராமத்துக் கிணறுகள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, குலுக்கி எடுத்ததுபோல் எடுத்திருக்க வேண்டும். நாங்கள் பேருந்துத் தரிப்பிடத்திலிருந்து நடந்துபோகக்கூடிய வீடுகளில் படலையைத் தட்டினோம். 'வாங்கோ பிள்ளையள்' என்று கூப்பிட்ட வீடுகளை எடுத்தோம். பன்னிரண்டும் வீட்டுக் கிணறுகள். தோட்டக் கிணறு ஒன்றுகூட இல்லை. பசளை அதிகம் படுகிற இடத்தை நாங்கள் தொடவே இல்லை.

நீர் எடுத்தது யார்? வீட்டுக்காரர்கள். அவர்கள் அள்ளித் தந்தார்கள். நாங்கள் அதே நீரால் போத்தலை மூன்று தடவை அலசிப் பின் நிரப்பினோம். ஆகவே "நீர் எடுத்தோம்" என்பதும் முழு உண்மை அல்ல. கருவியை இயக்கியதும் நாங்கள் அல்ல. ஆய்வுகூட உதவியாளர் இயக்கினார், நாங்கள் பக்கத்தில் நின்று வாசிப்பை எழுதினோம். செயப்பாட்டுவினை ஆளை மறைப்பதுபோல, 'நாங்கள்' என்பதும் மற்றவரின் வேலையை விழுங்கிவிடக்கூடும்.

'குறைந்த வெப்பநிலையில் பேணப்பட்டன' என்றால் எவ்வளவு, எத்தனை மணி நேரம்? முதல்நாள் எடுத்த ஏழு மாதிரிகளை றெஜிபோம் பெட்டியில் பனிக்கட்டியோடு கொண்டுபோனோம். இரண்டாம் நாள் பனிக்கட்டி கிடைக்கவில்லை. 8 முதல் 12 வரையான ஐந்து மாதிரிகளும் ஓரிரவு மேசையில் இருந்தன. நீரில் உள்ள பற்றீரியாக்கள் நைத்திரேற்றைக் குறைக்கவும் கூடும். அமோனியா இருந்தால் அதை நைத்திரேற்றாக்கிக் கூட்டவும் கூடும். அதனாற்றான் மாதிரியை 4 பாகை செல்சியசளவில் வைத்து, 48 மணித்தியாலத்துக்குள் அளக்கச் சொல்கிறார்கள். 'பேணப்பட்டன' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு பராமரிப்பை ஒளித்துவிட்டோம்.

அடுத்த கேள்வியில்தான் எங்களுக்கு வயிறு கலங்கியது. 'தேவையான இடங்களில் ஐதாக்கல்.' எந்த இடங்களில்?

இதற்கு அளக்கும் முறையைச் சற்றுச் சொல்ல வேண்டும். நைத்திரேற்று 220 நானோமீற்றர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியை உறிஞ்சும். நீரில் கரைந்திருக்கிற சேதனப் பொருள்களும் அந்த அலைநீளத்தில் உறிஞ்சும். ஆனால் அவை 275இலும் உறிஞ்சும், நைத்திரேற்று அங்கே உறிஞ்சாது. ஆகவே நாம் 220இன் வாசிப்பிலிருந்து 275இன் வாசிப்பின் இரு மடங்கைக் கழித்தால், நைத்திரேற்றின் பங்கு மிஞ்சும். அதை நியமக் கரைசல்களின் வாசிப்போடு ஒப்பிட்டுச் செறிவைக் காணலாம். எங்கள் நியமக் கரைசல்கள் லீற்றருக்கு 7 மில்லிகிராம் நைத்திரசன் வரைதான் இருந்தன. அதற்கு மேற்பட்டால் மாதிரியில் நீர் கலந்து ஐதாக்கி அளந்து, வந்த விடையை அத்தனை மடங்கால் பெருக்க வேண்டும். நாங்கள் 10 மில்லிலீற்றர் மாதிரியை 50 ஆக்கினோம். ஆகவே ஐந்தால் பெருக்க வேண்டும். இறுதியில், நைத்திரசனாகக் கண்ட விடையை நைத்திரேற்றாகச் சொல்ல 4.43 ஆல் பெருக்க வேண்டும். 50 மில்லிகிராம் என்ற எல்லை நைத்திரேற்றாகச் சொல்வது. அதையே நைத்திரசனாகச் சொன்னால் ஏறக்குறைய 11.

கொப்பியில் ஐதாக்கிய மாதிரிகளுக்குப் பக்கத்தில் '×5' என்று ஒரு குறி இருந்தது. 8ஆம் கிணற்றுக்குக் குறி உண்டு, விடை 14.2 நைத்திரசன், அதாவது 62.9 நைத்திரேற்று. 10ஆம் கிணற்றுக்கும் குறி உண்டு, 16.0 நைத்திரசன், 70.9 நைத்திரேற்று. இரண்டுக்கும் நடுவில், ஒரே ஒழுங்கையில் இருக்கிற 9ஆம் கிணற்றுக்குக் குறி இல்லை. வாசிப்பு 3.1. அதை அப்படியே 4.43 ஆல் பெருக்கி, அறிக்கையில் 13.7 என்று போட்டிருந்தோம். எல்லைக்கு நன்றாகக் கீழே, பாதுகாப்பான கிணறு.

ஐந்தால் பெருக்க மறந்திருந்தால்? 3.1 ஐ ஐந்தால் பெருக்கினால் 15.5. அதை நைத்திரேற்றாக்கினால் 68.7. அயல் கிணறுகள் இரண்டுக்கும் இடையில் கச்சிதமாகப் போய் உட்காருகிறது.

எது உண்மை என்று கொப்பி சொல்லவில்லை. மாதிரி ஓரிரவு மேசையில் இருந்ததால் குறைந்ததோ என்றால், 8ஆம் 10ஆம் மாதிரிகளும் அதே மேசையில்தான் இருந்தன. அந்தக் கிணறு உண்மையிலேயே வேறாக இருந்திருக்கவும் கூடும். ஆனால் "தேவையான இடங்களில் ஐதாக்கல் மேற்கொள்ளப்பட்டது" என்று எழுதாமல், "இன்னின்ன மாதிரிகளை ஐந்து மடங்கு ஐதாக்கினோம்" என்று எழுத முற்பட்டிருந்தால், எண்களை வரிசைப்படுத்துகிறபோதே 9 என்ற இலக்கத்தில் பேனா நின்றிருக்கும். ஆய்வுகூடத்தில் மாதிரியும் இருந்தது; திருப்பி அளந்திருக்கலாம்.

கடைசி வினை 'நீக்கப்பட்டு'. நீக்கியது யார், எதை, ஏன்? 12ஆம் கிணறு மற்ற எல்லாவற்றையும்விட ஏறக்குறைய இரு மடங்கு காட்டியது. பிழையாய்த்தான் இருக்கும் என்று நாங்களே வெட்டிவிட்டோம்; காரணம் எதையும் எழுதவில்லை. கூடி நின்ற பெறுமானத்தைச் சந்தேகித்து நீக்கினோம், குறைந்து நின்ற 9ஐச் சந்தேகிக்கவே இல்லை. நல்ல செய்தியை ஒருவரும் திருப்பி அளப்பதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு எழுதிய பந்தி இது:

"நாங்கள் ஒரு கிராமத்தின் 12 வீட்டுக் கிணறுகளின் நீரைச் சோதித்தோம். கிணறுகளை எழுமாறாகத் தெரிவுசெய்யவில்லை. பேருந்துத் தரிப்பிடத்திலிருந்து நடந்துபோகக்கூடிய, அனுமதி தந்த வீடுகளை எடுத்தோம். தோட்டக் கிணறுகளைச் சேர்க்கவில்லை. வீட்டார் நீர் அள்ளித் தர, போத்தலை அதே நீரால் மூன்று தடவை அலசி நிரப்பினோம். 1 முதல் 7 வரையான மாதிரிகளைப் பனிக்கட்டியில் வைத்தோம்; 8 முதல் 12 வரையானவற்றை ஓரிரவு அறைவெப்பநிலையில் விட்டோம். ஒவ்வொன்றையும் வடிகட்டி, 50 மில்லிலீற்றருக்கு 1 மில்லிலீற்றர் ஐதரோக்குளோரிக் அமிலம் சேர்த்தோம். ஆய்வுகூட உதவியாளர் 220, 275 நானோமீற்றரில் உறிஞ்சலை அளந்தார். நாங்கள் வாசிப்பை எழுதி, 220இன் வாசிப்பிலிருந்து 275இன் இரு மடங்கைக் கழித்தோம். 7 மில்லிகிராம் நைத்திரசனுக்கு மேற்பட்ட மாதிரிகளை ஐந்து மடங்கு ஐதாக்கினோம். அவற்றின் இலக்கங்களை அட்டவணையில் குறித்துள்ளோம். 9ஆம் மாதிரியை ஐதாக்கினோமா என்பதை நாங்கள் பதியவில்லை. அதன் பெறுமானத்தை நம்ப வேண்டாம். 12ஆம் மாதிரியை முன்னர் காரணமின்றி நீக்கினோம், இங்கே சேர்த்துள்ளோம். எல்லாப் பெறுமானங்களையும் நைத்திரேற்றாகத் தந்துள்ளோம்."

பந்தி இரண்டு மடங்குக்கு மேல் நீண்டுவிட்டது. செய்வினையில் எழுதினால் சுருங்கும் என்று சொல்வார்கள். சொற்கள் சுருங்கியது உண்மைதான், ஆனால் ஒளிந்திருந்தவை வெளியே வந்து இடம் பிடித்துக்கொண்டன.

எல்லா 'பட்டது'வையும் ஒழிக்கச் சொல்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். "இக்கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டப்பட்டவை" என்று எழுதுவதில் ஒரு குறையும் இல்லை. கிணறு வெட்டியவரின் பெயர் நீரின் தரத்தை மாற்றாது. அங்கே பேச்சு கிணற்றைப் பற்றியது. நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: அந்த இடத்தில் யாராவது ஒருவர் ஒரு முடிவு எடுத்தாரா? தெரிவுசெய்தல், வைத்திருத்தல், ஐதாக்கல், நீக்கல் எல்லாம் முடிவுகள். முடிவு இருக்கிற இடத்தில் ஆளும் இருக்க வேண்டும். தனியாகச் செய்திருந்தால் 'நான்' என்றே எழுத வேண்டும். ஒருவர் செய்ததை 'நாங்கள்' என்பதும் மறைப்புத்தான். 'தேவையான', 'வழமைக்கு மாறான', 'குறைந்த' போன்ற சொற்கள் 'பட்டது'வுக்குப் பக்கத்தில் நின்றால் உடனே சந்தேகியுங்கள். யாருக்குத் தேவை, யாருடைய வழமை, எவ்வளவு குறைவு என்று கேளுங்கள்.

9ஆம் கிணற்று வீட்டைத் தங்கை கண்டுபிடித்தார். அன்று எங்களுக்கு நீர் அள்ளித் தந்த அம்மாவின் பேத்திக்கு இப்போது கைக்குழந்தை. தங்கை புதிதாக மாதிரி எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, அன்றே அனுப்பினார். விடை 50ஐத் தாண்டியிருந்தது. இன்றைய நீர் அன்றைய நீருக்குச் சாட்சி சொல்லாது, எங்கள் 3.1 என்ன என்பது இனித் தெரியவராது. ஆனால் குழந்தைக்குப் பால் கரைக்க வேறு நீர் வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் ஆவியாகச் செறிவு கூடத்தான் செய்யும் என்பதையும் தங்கை இருந்து விளங்கப்படுத்தினார்.

நாங்களும் கூடப் போயிருந்தோம். அந்த அம்மா இன்னும் இருக்கிறார். அன்று நாங்கள் கொடுத்த அறிக்கைப் பிரதியைப் பத்திரமாக வைத்திருந்தார். "எங்கட கிணறு நல்லதெண்டுதானே அப்ப எழுதித் தந்தனியள்?" என்று கேட்டார்.

"பிழை ஏற்பட்டிருக்கலாம் அம்மா" என்று வாய்வரை வந்தது. அந்தப் பழைய பந்தியின் பழக்கம். விழுங்கிவிட்டு, "நாங்கள் பிழை விட்டிருக்கலாம் அம்மா. சரியாக எழுதி வைக்கவில்லை" என்றோம்.

அவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அப்ப இனி எந்தத் தண்ணியைக் குடுக்கிறது எண்டு சொல்லுங்கோ" என்றார். புதிய பந்தியை அவருக்கு வாசித்துக் காட்டினோம். ஒரு சொல்லுக்கும் விளக்கம் கேட்கவில்லை. "பேருந்தால இறங்கி வந்த பிள்ளையள் நீங்கள்தான், எனக்கு ஞாபகம் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.